ஒரே வரியில் ஒளிந்திருக்கும் 74 விழுக்காடு

பல்கலைக்கழகத்தில் நிதியியல் படிக்கும் மாணவர்கள் ஒரு நிறுவனத்தின் மதிப்பை முதல் முறையாக எக்செல் தாளில் கணக்கிடும்போது, பெரும்பாலோரை ஒரு விஷயம் திடுக்கிட வைக்கும். ஐந்து ஆண்டுகளுக்கான விற்பனை, செலவு, வரி, இயந்திரக் கொள்முதல் என்று வரிவரியாக உழைத்து எண்களை நிரப்பியிருப்பார்கள். கடைசியில் பார்த்தால் மொத்த மதிப்பில் கால்வாசிதான் அந்த உழைப்பிலிருந்து வந்திருக்கும். மிச்சம் முக்கால்வாசியும் தாளின் அடியில் உள்ள ஒரே வரியிலிருந்து வந்திருக்கும். அந்த வரியின் பெயர் 'டெர்மினல் வேல்யூ'. தமிழில் இறுதி மதிப்பு எனலாம்.

இது கணக்கின் கோளாறா? அல்லது ஐந்தாண்டு எண்களைத் தேடி அலைந்ததுதான் வீண் வேலையா? இரண்டுமே இல்லை. ஏன் என்று ஓர் உதாரணத்தின் வழி பார்ப்போம்.

பிஸ்கட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையை வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் வரியும் புதிய இயந்திரங்களுக்கான பணமும் போக, முதலாளிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய ரொக்கமாக அடுத்த ஆண்டு 10 மில்லியன் ரிங்கிட் மிஞ்சுகிறது. ஐந்தாம் ஆண்டு வரை அது ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்கிறது. அதன்படி ஐந்தாம் ஆண்டில் மிஞ்சுவது 13.6 மில்லியன்.

நாளை வரும் பணமும் இன்று கையில் உள்ள பணமும் ஒன்றல்ல. இதே அளவு ஆபத்துள்ள வேறொரு தொழிலில் போட்டால் 10 விழுக்காடு ஈட்டலாம் என்றால், ஓராண்டு கழித்து வரும் 1.10 ரிங்கிட்டுக்கு இன்று 1 ரிங்கிட்தான் கொடுப்போம். அந்த 10 விழுக்காடுதான் தள்ளுபடி விகிதம். இப்படிக் குறைத்துப் பார்த்தால் முதல் ஆண்டின் 10 மில்லியன் இன்று 9.1 மில்லியனுக்குச் சமம். ஐந்தாம் ஆண்டின் 13.6 மில்லியன் இன்று 8.4 மில்லியன்தான். ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் 43.8 மில்லியன் கிடைக்கிறது.

ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டுப் போகப் போவதில்லை. ஆறாம் ஆண்டும் பிஸ்கட் வரும், அறுபதாம் ஆண்டும் வரலாம். ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியாகக் கணிக்க முடியாததால், அதற்குப் பிறகு ரொக்கம் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்ற நிதானமான வேகத்தில் வளர்ந்துகொண்டே போகும் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொண்டால், முடிவில்லாத அந்த வரிசையைக் கூட்ட ஒரு குறுக்குவழி உண்டு. ஆறாம் ஆண்டின் ரொக்கத்தை, தள்ளுபடி விகிதத்துக்கும் வளர்ச்சி விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் போதும். இந்தச் சூத்திரத்துக்குப் பொருளியலாளர் மைரன் கார்டனின் பெயர் வழங்குகிறது. அதன் கருவை ஜான் பர் வில்லியம்ஸ் 1938இல் வெளியான தம் நூலிலேயே எழுதிவிட்டார்.

ஆறாம் ஆண்டின் ரொக்கம் 14 மில்லியன். வித்தியாசம் 10 கழித்தல் 3, அதாவது 7 விழுக்காடு. 14ஐ 0.07ஆல் வகுத்தால் 200 மில்லியன். இது ஐந்தாம் ஆண்டு முடிவில் நின்று பார்க்கும் மதிப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. தேர்வில் பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான். அதை ஐந்து ஆண்டுகள் பின்னோக்கி இன்றைக்குக் கொண்டுவந்தால் 124.3 மில்லியன். முதல் ஐந்து ஆண்டுகளின் 43.8உடன் சேர்த்தால் தொழிற்சாலையின் மதிப்பு 168.1 மில்லியன். இதில் இறுதி மதிப்பின் பங்கு 74 விழுக்காடு.

இப்போது ஒரு சிறு சோதனை. எந்த ஊகத்தையும் மாற்றாமல், எக்செல் தாளை மட்டும் ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டுக்கு நீட்டுவோம். ஆறு முதல் பத்து வரை அதே 3 விழுக்காடு வளர்ச்சி. அந்த ஐந்து ஆண்டுகளின் இன்றைய மதிப்பு 34.8 மில்லியன். அது இறுதி மதிப்பிலிருந்து கழன்று மேலே உள்ள வரிகளுக்கு வந்துவிடுகிறது. மொத்தம் அதே 168.1 மில்லியன். இறுதி மதிப்பின் பங்கு மட்டும் 74இலிருந்து 53 விழுக்காட்டுக்கு இறங்குகிறது.

தொழிற்சாலையில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. நாம் கோடு போட்ட இடம்தான் மாறியது. இறுதி மதிப்பு என்பது நிறுவனத்துக்குள் இருக்கும் தனிப் பொருள் அல்ல, நாம் வரிவரியாக எழுதச் சலித்துக்கொண்ட ஆண்டுகளின் மூட்டை. பல்லாண்டு ஓடப்போகும் ஒரு தொழிலின் முதல் ஐந்து ஆண்டுகளை மட்டும் பிரித்து எழுதினால், மூட்டை கனமாகத்தான் இருக்கும்.

'முடிவில்லாத காலம்' என்ற சொல்லும் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறது. நம் உதாரணத்தில் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தால், அதன் மதிப்பில் 28 விழுக்காடு ஆறு முதல் பத்தாம் ஆண்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. இருபத்தைந்தாம் ஆண்டுக்குள் 73 விழுக்காடு வந்துவிடும். ஐம்பத்தைந்தாம் ஆண்டுக்குப் பிறகு, உலகம் உள்ளவரை வரும் எல்லாப் பணத்தையும் கூட்டினாலும் 4 விழுக்காடு தேறாது. 22ஆம் நூற்றாண்டில் மக்கள் பிஸ்கட் சாப்பிடுவார்களா என்ற கவலை வேண்டாம். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கு இந்தத் தொழில் நிற்குமா என்பதே கேள்வி.

ஆகவே பங்கு பெரிதாக இருப்பது தவறல்ல. தவறு நுழையும் வாசல் வேறு. வளர்ச்சி விகிதத்தை 3இலிருந்து 4ஆக மாற்றிப் பாருங்கள். மொத்த மதிப்பு 168இலிருந்து 190 மில்லியனாகிறது. 5 ஆக்கினால் 221 மில்லியன். இரண்டே விழுக்காட்டுப் புள்ளிகள் 53 மில்லியன் ரிங்கிட்டைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஒரு பங்கை வாங்கச் சொல்லி எழுத வேண்டிய ஆய்வாளருக்கு இதைவிட வசதியான விசை வேறில்லை. மேலே உள்ள ஐந்தாண்டு எண்களை எல்லாரும் துருவித் துருவிப் பார்ப்பார்கள். அடியில் 3 என்பதை 4 ஆக்கினால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

அந்த 53 மில்லியன் எங்கிருந்து வந்தது? வளர்ச்சியை இலவசமாகக் கொடுத்துவிட்டோம். அதிலிருந்துதான் வந்தது. கூடுதல் பிஸ்கட் விற்க வேண்டுமானால் கூடுதல் அடுப்பு வேண்டும், லாரி வேண்டும், கடைகளுக்குக் கடனில் கொடுக்கச் சரக்கு வேண்டும். அதற்கான பணத்தை முதலாளிகள் எடுக்கும் ரொக்கத்திலிருந்துதான் பிடிக்க வேண்டும். சூத்திரத்தில் வளர்ச்சியை மட்டும் உயர்த்தி, ரொக்கத்தை அப்படியே விட்டால் கணக்கு பொய் சொல்லும்.

சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஆறாம் ஆண்டில் வரி போக லாபம் 20 மில்லியன் என்றும், புதிதாகப் போடும் முதலீடு 10 விழுக்காடு ஈட்டுகிறது என்றும் கொள்வோம். லாபம் 3 விழுக்காடு வளர, அதாவது 0.6 மில்லியன் கூட, 6 மில்லியனைத் திரும்பத் தொழிலில் போட வேண்டும். கையில் மிஞ்சுவது 14 மில்லியன். அதை 0.07ஆல் வகுத்தால் 200 மில்லியன். நாம் முன்பு கண்ட அதே எண்தான். இப்போது வளர்ச்சி 5 விழுக்காடு. லாபம் 1 மில்லியன் கூட வேண்டும், அதற்கு 10 மில்லியன் போட வேண்டும், மிஞ்சுவது 10 மில்லியன்தான். 0.05ஆல் வகுத்தால் மீண்டும் 200 மில்லியன்!

வளர்ச்சி கூடியும் மதிப்பு ஒரு சென்கூடக் கூடவில்லை. காரணம், புதிய முதலீடு ஈட்டும் 10 விழுக்காடும் நாம் எதிர்பார்க்கும் 10 விழுக்காடும் சமம். அது 20 விழுக்காடு ஈட்டினால் கதை வேறு. 3 விழுக்காடு வளர்ச்சியில் இறுதி மதிப்பு 243 மில்லியன், 5 விழுக்காட்டில் 300 மில்லியன். வெறும் 8 விழுக்காடு ஈட்டினாலோ 3 விழுக்காட்டில் 179 மில்லியன், 5 விழுக்காட்டில் 150 மில்லியன். வேகமாக வளர வளர நிறுவனத்தின் மதிப்பு தேய்கிறது. விற்பனை ஆண்டுதோறும் ஏறியும் பங்கு விலை ஏறாத நிறுவனங்களைப் பார்த்துக் குழம்பியவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. கணக்கின் கடைசி ஆண்டில் இயந்திரத் தேய்மானம் எவ்வளவு, புதிய இயந்திரங்களுக்கான செலவு எவ்வளவு என்று பாருங்கள். தேய்மானம் 5 மில்லியன், கொள்முதல் 3 மில்லியன் என்றிருந்தால், அந்தத் தொழிற்சாலை என்றென்றும் வளரும், ஆனால் அதன் இயந்திரங்கள் என்றென்றும் குறைந்துகொண்டே போகும் என்று அந்தத் தாள் சொல்கிறது. இந்த 2 மில்லியன் இடைவெளி பார்க்கச் சிறியது. ஆனால் அந்த ஆண்டின் ரொக்கம்தான் சூத்திரத்துக்குள் போகிறது என்பதால், நம் உதாரணத்தில் அது இன்றைய மதிப்பை 18 மில்லியன் ரிங்கிட் ஊதிக் காட்டும்.

சில தொழில்களில் இந்தச் சூத்திரத்தைத் தொடவே கூடாது. நம் நாட்டின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் டோல் கட்டணம் 18 விழுக்காடு குறைக்கப்பட்டபோது, அதற்கு ஈடாக அதன் சலுகைக் காலம் 2038இலிருந்து 2058க்கு நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டோடு டோல் வசூலிக்கும் உரிமை முடிகிறது. அதற்குப் பிறகு 3 விழுக்காடு வளர்ச்சி என்று எழுதுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆகவே இறுதி மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அத்தனை ஆண்டுகளையும் வரிவரியாகத்தான் எழுத வேண்டும்.

அந்த 20 ஆண்டு நீட்டிப்பு 2020இல் நின்று பார்த்தவருக்கு எவ்வளவு பெறும்? நம் 10 விழுக்காட்டு விகிதத்தையே வைத்துக்கொண்டால், 2038இல் வசூலாகும் 1 ரிங்கிட் அன்று 18 சென்னுக்குச் சமம். 2058இல் வசூலாகும் 1 ரிங்கிட்டின் மதிப்பு 3 சென்னுக்கும் குறைவு. கட்டணக் குறைப்போ உடனே, அந்த ஆண்டின் முழு ரிங்கிட்டிலேயே தொடங்கிவிட்டது.