சிக்னல் இல்லாத மரவள்ளித் தோட்டம்

கிழக்கு ஆப்பிரிக்க மரவள்ளி விவசாயிகளுக்காக உருவான ‘நூரு’ செயலி, இலையை கேமராவில் பார்த்து தேமல் நோயா, பழுப்புக் கீற்று நோயா என்று சொல்கிறது. கணிப்பது போனே, இணையம் வேண்டாம்.

இதையே கிளவுடுக்கு அனுப்பினால்? மூன்று எம்பி படம், நொடிக்கு 100 கிலோபிட் மட்டுமே கிடைக்கும் இடத்தில், போய்ச்சேரவே நான்கு நிமிடம். நடுவில் சிக்னல் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரலாம். ஒவ்வொரு படத்துக்கும் டேட்டா காசு, நடத்துபவருக்கு சர்வர் வாடகை.

போனில் ஓடும் மாடலுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் அது மெலிந்த மாடல். வேகத்துக்காகவும் இடத்துக்காகவும் சுருக்கியதால், மங்கலான அறிகுறியில் தடுமாறும். அதனால்தான் நூருவில் ஓர் இலையோடு நிற்காமல், ஒரே செடியில் பல இலைகளைக் காட்டச் சொல்கிறார்கள், துல்லியம் கூடுகிறது. மலிவு போன் சூடாகும், பேட்டரியும் இறங்கும். ஆனாலும் தோட்டத்துக்கு நான் இதையே தேர்வேன்.

அந்தரங்கத்தில் மட்டும் ஏமாறக்கூடாது. ஏரோபிளேன் மோடில் ஒரு செயலி வேலை செய்தால், கணிப்பு போனில்தான் நடக்கிறது என்று அர்த்தம். படம் வெளியே போகாது என்று அர்த்தமில்லை. சிக்னல் வந்ததும் இருப்பிடத்தோடு சேர்த்து ஏற்றிவிடும் செயலிகள் உண்டு. செட்டிங்ஸில் அந்தச் செயலியின் டேட்டா கணக்கைப் பாருங்கள், ஓரளவு தெரியும்.