பழைய காரின் ஸ்டியரிங் வீலைக் கழற்றுதல்

பழைய காரில் ஸ்டியரிங் வீலின் நடுவிலுள்ள நட்டைக் கழற்றிய பிறகும் வீல் அசையாது. வீலின் மையக் குடமும் தண்டின் மேல்முனையும் பல் வரிகளால் ஒன்றையொன்று கவ்வியிருப்பதுதான் காரணம். தண்டைச் சுற்றி நீளவாக்கில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். குடத்தின் உள்ளே அவற்றுக்கு ஈடான பள்ளங்கள் இருக்கும். இதையே ஸ்ப்லைன் என்கிறார்கள். தண்டு மேல்நோக்கிச் சற்றே குறுகுவதால், நட்டை இறுக்க இறுக்கக் குடம் ஆப்பு போலக் கீழே இறங்கி உட்கார்ந்துவிடும். நாற்பது, ஐம்பது ஆண்டுத் துரு அதை இன்னும் கெட்டியாக்கியிருக்கும்.

1970களில் அமெரிக்காவில் ஓடிய செவ்ரோலே கார்களை எடுத்துக்கொண்டால் இந்த வேலை தெளிவாக விளங்கும். பழசான இண்டிகேட்டர் ஸ்விட்சை மாற்றுவதற்காகத்தான் அவற்றில் பெரும்பாலும் வீலைக் கழற்ற வேண்டி வருகிறது. ஸ்விட்ச் வீலுக்கு அடியில் இருக்கிறது. காற்றுப்பை உள்ள புதிய கார்களுக்கு முறை வேறு. இங்கே சொல்லப்படுவது அவற்றுக்குப் பொருந்தாது.

இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுப்பதும், தண்டின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவதும் பலருக்குக் கைவந்த வழக்கம். செவ்ரோலேயில் இந்தச் சுத்தியல்தான் கேடு செய்யும். விபத்தில் ஓட்டுநரின் மார்பில் ஸ்டியரிங் தண்டு ஈட்டியாகப் பாயாதபடி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1967ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து மடங்கிச் சுருங்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. தண்டு இரண்டு துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி செய்யப்பட்டிருக்கும். சாதாரண ஓட்டத்தில் அந்த இரண்டையும் நிலையாகப் பிடித்து வைப்பவை உள்ளே வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் ஊசிகள். மோதலில் ஊசிகள் முறிந்து, தண்டு சுருங்கும். மேலிருந்து விழுவது மோதலா, மெக்கானிக்கின் அடியா என்று அந்த ஊசிகளுக்குத் தெரியாது.

புல்லர் இதைத் தவிர்ப்பது மென்மையால் அல்ல, அதன் விசை பாயும் பாதையால். கருவி எளியது: ஒரு தடித்த இரும்புப் பட்டை, அதன் இரு பக்கத் துளைகளில் இரண்டு போல்ட், நடுவே ஒரு பெரிய ஸ்க்ரூ. பக்கத்துப் போல்ட்கள் குடத்திலேயே மரையிட்டு விட்டிருக்கும் இரண்டு துளைகளில் ஏறும். நடு ஸ்க்ரூவின் நுனி தண்டின் தலையில் ஊன்றும். அதைத் திருகும்போது தண்டு கீழே அழுத்தப்படுகிறது. அதே அளவு விசையோடு குடம் மேலே இழுக்கப்படுகிறது. இரண்டும் தண்டின் மேல்முனைக்குள்ளேயே ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால், கீழே உள்ள பிளாஸ்டிக் ஊசிகளுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை.

விசையின் அளவும் கவனிக்கத்தக்கது. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் கை 15 கிலோ அளவுக்கு அழுத்தினால், உராய்வுக்குப் போனது போக நடு ஸ்க்ரூவின் முனையில் ஏறத்தாழ ஒரு டன் கிடைக்கும். வெறும் கையால் இழுத்து இதை எட்ட முடியாது.

வேலை பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதில் தொடங்குகிறது. இல்லையென்றால் ஹார்ன் தொடர்பைத் தொடும்போதெல்லாம் அலறும். முன்சக்கரங்களை நேராக நிறுத்த வேண்டும். ஹார்ன் மூடியை எடுத்து, அடியிலுள்ள ஸ்பிரிங்கையும் தொடர்பையும் எந்த வரிசையில் இருந்தன என்று பார்த்து வெளியே வைக்க வேண்டும். சில மாடல்களில் நட்டுக்கு மேலே ஒரு சிறு வளையப் பூட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தும்போது வீலைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். 1969 முதல் இந்தக் கார்களில் ஸ்டியரிங் பூட்டு வந்துவிட்டது. வீல் சுற்றாமலிருக்க அந்தப் பூட்டின் மேல் பாரத்தைப் போட்டால் அது உடையும்.

நட்டை முழுக்க எடுத்துவிடாமல், அதன் மேல்முகம் தண்டின் முனையோடு சமமாக வரும் அளவுக்கு விடுவது நல்லது. தண்டின் மரையை அது காக்கும். வீல் திடீரென விடுபட்டால் முகத்தில் மோதாமல் தடுக்கும். பிறகு தண்டிலும் குடத்திலும் ஒரே நேரில் ஓர் அடையாளம் இட வேண்டும். தொழிற்சாலைக் குறி இருந்தாலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவது வீண் அல்ல.

அடுத்து, பக்கத்துப் போல்ட்கள். இந்த வண்டிகளின் குடத்தில் இருப்பது அங்குல மரை: 5/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 புரி. 8 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட் பார்க்க அதே போலிருக்கும், இரண்டு மூன்று சுற்றுப் போகவும் செய்யும். ஆனால் புரி இடைவெளி வேறு என்பதால் பிறகு முரண்டு பிடித்து மரையை அழித்துவிடும். விரலால் எளிதாக ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றவே கூடாது.

போல்ட் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதிலும் ஓர் அளவுண்டு. அதன் விட்டத்தின் அளவாவது, அதாவது 8 மில்லிமீட்டர் வரை மரையில் பிடிக்க வேண்டும். ஆனால் குடத்தின் மறுபக்கம் நீட்டிக்கொண்டு போகக் கூடாது. போனால் அடியிலுள்ள இண்டிகேட்டர் ஸ்விட்சை உடைக்கும். அதைவிட மோசம், கீழேயுள்ள பாகத்தில் முட்டி, மேலே சொன்ன விசைப் பாதையையே கெடுத்துவிடும்.

இரண்டு போல்ட்களும் ஒரே ஆழம் ஏறி, பட்டை வீலுக்கு இணையாக நிற்பதைப் பார்த்த பின், நடு ஸ்க்ரூவில் கொஞ்சம் கிரீஸ் தடவித் திருகலாம். வீலை மறு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். திருகத் திருகக் கடினமாகி, ஒரு கட்டத்தில் 'டக்' என்ற சத்தத்தோடு குடம் விடுபடும். விடவில்லையென்றால் ஸ்பேனரை நீட்டுவதைவிட அந்த இறுக்கத்திலேயே விட்டுவிட்டு, பல் வரியில் துரு நீக்கும் எண்ணெய் விட்டுச் சில மணி நேரம் காத்திருப்பது மேல். பட்டை ஒரு பக்கம் சாய்வது, அல்லது ஒரு போல்ட் எதிர்ப்பின்றிச் சுற்றுவது, குடத்தின் மரை கழல்வதன் அறிகுறி. அப்போதே நிறுத்த வேண்டும். வீலின் கம்பிகளைக் கவ்வி இழுக்கும் கொக்கிப் புல்லர் இதற்கு மாற்று ஆகாது. அது கம்பியை வளைத்து, பழைய பிளாஸ்டிக் வளையத்தை விரிசல் விடச் செய்யும்.

வீல் வந்ததும் அதே புல்லரை அடியிலுள்ள பூட்டுத் தட்டிலும் போட்டுப் பார்க்கத் தோன்றும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும் அந்தத் தட்டை வளையம் ஒன்று பிடித்திருக்கிறது. தட்டை அமுக்கிப் பிடித்து வளையத்தை எடுக்க வேறொரு கருவி உண்டு.

திரும்ப மாட்டும்போது பற்களைத் துருப்போகத் துடைத்து, அடையாளங்களைச் சேர்த்து உட்கார வைக்க வேண்டும். இங்கும் சுத்தியலுக்கு வேலையில்லை. நட்டே குடத்தைக் கீழே இழுத்துக்கொள்ளும். இறுக்கம் வண்டியின் கையேட்டில் இருக்கும். இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் 30 அடி-பவுண்டு அளவில், அதாவது 40 நியூட்டன் மீட்டர் அருகில் வரும். 36 பல் உள்ள தண்டில் ஒரு பல் தப்பி மாட்டினால் வீல் 10 டிகிரி சாய்ந்து நிற்கும். இண்டிகேட்டர் திருப்பத்துக்குப் பின் ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் தாமதமாகவும் அணையும். வீலை மேலும் கீழும் இழுத்துப் பார்க்கும்போது தண்டு தன் நீளவாக்கில் ஆடினால், முன்பு யாரோ சுத்தியல் எடுத்திருக்கிறார்கள், ஊசிகள் போயிருக்கின்றன என்று கருத வேண்டும். அந்த வண்டியைத் தண்டு மாற்றாமல் சாலையில் ஓட்டக் கூடாது.