நாயின் புண்ணில் புழு: பினாயில் ஊற்றலாமா?

தெருநாயின் காதுக்குப் பின்னால் சின்னக் கடிக்காயம். அதில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் பொரிந்து, புழுக்கள் சதைக்குள் இறங்கிவிடும். வெளியே தெரிவது சின்ன ஓட்டைதான். உள்ளே குழி பெரிசு. ரத்தநீர் கசிவு, கெட்ட நாற்றம், ஓயாத தலையாட்டல் இருந்தால் சந்தேகப்படலாம்.

பலரும் உடனே பினாயிலோ பெட்ரோலோ ஊத்திடுறாங்க. அது சதையையும் எரிக்கும். நாய் நக்கினால் விஷம். வாய்க்கட்டு போட்டு, கையுறை அணிந்து, சுற்றியுள்ள முடியைக் கத்தரிக்க வேண்டும். அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து கழுவி, இடுக்கியால் புழுக்களை எடுக்கலாம். ஒரே தடவையில் முடியாது. ஒளிந்திருந்தவை மறுநாள் மேலே வரும். குழி ஆழமென்றால் மருத்துவர்தான் மயக்கம் கொடுத்து எடுக்கணும். ஐவர்மெக்டின் ஊசியும் அவர் முடிவுதான். கோலி இன நாய்களுக்கு அது ஆபத்தாகலாம்.

ஆட்டில் காயமே தேவையில்லை. கழிச்சலில் நனைந்த வால்பக்க ரோமமே ஈயை இழுக்கும். அதைக் கத்தரித்து உலர வைத்து, கழிச்சலுக்கு மருந்து கொடுக்காவிட்டால் திரும்பவும் புழு வைக்கும்.