அலாரம் அடித்ததும் எந்தப் பக்கத்தைத் திறப்பது?

2017 ஜனவரி 31. உலகப் பொது நேரப்படி இரவு 11.30 மணி. நிரல் எழுதுவோர் தங்கள் வேலைகளைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் இணையதளத்தில், டேட்டாபேஸ் சர்வர்கள் இரண்டு இருந்தன. db1 முதன்மை, db2 அதன் நகல். நகல் பழுதாகிவிட்டது. அதைப் புதிதாக உருவாக்க முயன்ற பொறியாளர், db2-இல் இருப்பதாக நினைத்து ஒரு கோப்புறையை அழித்தார். அவர் இருந்ததோ db1-இல். ஓரிரு நொடிகளில் தவறு தெரிந்து கட்டளையை நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

மறுநாள் மாலை 6 மணிவாக்கில்தான் தளம் மீண்டது. அன்று மாலை 5.20-க்கு வேறொரு சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அதற்குப் பிறகான சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். ஏறத்தாழ 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள்.

கிட்லேப் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை நேரலையாகக் காட்டியது. பிப்ரவரி 10 அன்று நிமிடவாரியாக ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. உலகெங்கும் மென்பொருள் துறையினர் அதைப் படித்தார்கள். ‘பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்’ என்பதுதான் பலருக்கும் அதில் நினைவில் நின்றது. ஆனால் அறிக்கையில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒரு வாக்கியம் உண்டு. நகலை உருவாக்கும் `pg_basebackup` என்ற கருவி, முதன்மை சர்வர் தயாராகும்வரை எதுவும் சொல்லாமல் காத்திருக்கும். அது இயல்பான நடத்தை. ஆனால் அந்த விஷயம் தங்கள் ரன்புக்கிலும் தெளிவாக இல்லை, அந்தக் கருவியின் அதிகாரபூர்வக் கையேட்டிலும் தெளிவாக இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அந்த மௌனத்தைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டதால்தான் அழிப்பு நடந்தது. முந்தைய முயற்சிகள் கோப்புறையில் ஏதோ மிச்சத்தை விட்டுவிட்டன, அதனால்தான் கருவி நின்றுபோயிருக்கிறது என்று பொறியாளர் கருதினார். மிச்சத்தை நீக்கப் போனார். ‘பத்து நிமிடம் எதுவும் தெரியாது, கலைக்காதே’ என்று ஒரு வரி கண்ணெதிரே இருந்திருந்தால், அவர் அந்தக் கட்டளையின் பக்கமே போயிருக்க வேண்டியதில்லை.

இந்த ஒரு வரியை எங்கே, எப்படி எழுதுவது என்பதுதான் ரன்புக் எழுதுவோரின் வேலை. இரவு பகலாக முறைவைத்துத் தளத்தைக் காக்கும் பொறியாளரை ஆன்-கால் பொறியாளர் என்பார்கள். அலாரம் வந்தால் எழுந்து பார்க்க வேண்டியவர் அவர். அப்போது அவர் திறக்கும் செய்முறைப் பக்கங்களின் தொகுப்பே ரன்புக். பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு விபத்துக்குப் பிறகு கூட்டம் நடக்கும். ஸ்லைடுகள் ஓடும். காரணம் என்ன, யார் எப்போது கவனித்தார், இனி என்ன செய்வோம் என்று பேசுவார்கள். பிறகு அந்த ஸ்லைடுத் தொகுப்பு ஒரு கோப்புறையில் உறங்கிவிடும். அடுத்த முறை அதே அலாரம் வேறொருவருக்கு வரும்போது, நாற்பது ஸ்லைடுகளைப் புரட்ட அவருக்கு நேரம் இருக்காது.

கிட்லேப் அறிக்கையையே ஒரு கூட்டத்துக்கான ஸ்லைடுகளாக அடுக்கிப் பார்க்கலாம். கதை காலவரிசையில் போகும். மாலை 7 மணிக்கு ஸ்பேம் காரணமாக டேட்டாபேஸில் சுமை ஏறுகிறது; ஓர் ஊழியரின் கணக்கை நீக்கும் பின்னணி வேலையும் அதோடு சேர்கிறது; 11 மணிக்கு நகல் நின்றுபோகிறது; பிறகு அழிப்பு; பிறகு மீட்பு. கூட்டத்துக்கு வந்தவருக்கு இது சரியான வரிசை. ஆன்-கால் பொறியாளரோ கதையின் நடுவில் நுழைகிறார். அவருக்கு ஸ்பேம் தெரியாது. ‘நகல் பின்தங்குகிறது’ என்ற அலாரம் மட்டுமே தெரியும். ஆகவே ஸ்லைடுகளில் பாதிக்குப் பிறகு வருவதுதான் ரன்புக்கின் தலைப்பாக வேண்டும். முதல் ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருந்த மூல காரணம் கடைசிக்குப் போகலாம், அல்லது ஒரு சுட்டியாகச் சுருங்கலாம்.

முதல் பகுதி, அறிகுறிகள். இங்கே ‘நகலில் சிக்கல்’ என்று எழுதினால் பயனில்லை. திரையில் வரும் எழுத்துகளை அப்படியே எழுத வேண்டும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேட்டின் துண்டுகளைப் படித்துத்தான் நகல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பழைய துண்டுகளை முதன்மை சர்வர் அவ்வப்போது நீக்கிவிடும். நகல் படிப்பதற்குள் துண்டு நீங்கிவிட்டால், லாக்கில் இப்படி ஒரு வரி வரும்:

```
ERROR: requested WAL segment ... has already been removed
```

இந்த வரி ரன்புக்கில் எழுத்து மாறாமல் இருந்தால், பாதித் தூக்கத்தில் இருப்பவரும் அதை வெட்டித் தேடல் பெட்டியில் ஒட்டி நேராக இந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவார். இந்த வரி வராமல் நகல் வெறுமனே பின்தங்கியிருந்தால் நிலைமை வேறு. அது தானாகவே எட்டிப்பிடித்துவிடக்கூடும். வரி வந்துவிட்டால், நீக்கப்பட்ட துண்டுகளின் சேமிப்பு வேறெங்காவது இருந்தாலொழிய நகலைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். அன்று கிட்லேப்பில் அப்படி ஒரு சேமிப்பு இல்லை.

இரண்டாவது பகுதி, சோதனைகள். இதில்தான் எழுதுபவரின் அக்கறை முழுவதும் தெரியும். ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று விஷயங்கள் வேண்டும்: கட்டளை, எதிர்பார்க்கும் பதில், வேறு பதில் வந்தால் என்ன செய்வது. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உதாரணமாக, நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அறிய, நகலில் இதை ஓட்டுவார்கள்:

```
SELECT now() - pg_last_xact_replay_timestamp();
```

பதிலாக ஒரு கால அளவு வரும். ஆனால் முதன்மையில் யாரும் எதையும் எழுதாத நேரத்தில் இந்த எண் சும்மாவே ஏறிக்கொண்டு போகும். நகல் நலமாக இருந்தாலும் எண் பயமுறுத்தும். பக்கத்தில் அந்தக் குறிப்பு இல்லையென்றால், ஒரு புதியவர் நல்ல நகலையே கலைத்துவிடுவார்.

எதையும் அழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இன்னொன்று:

```
hostname -f
psql -Atc "SELECT pg_is_in_recovery();"
```

முதல் வரி, நாம் எந்த இயந்திரத்தில் நிற்கிறோம் என்று சொல்லும். இரண்டாவதற்கு நகல் `t` என்றும் முதன்மை `f` என்றும் பதில் சொல்லும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நகலைப் புதிதாக எடுக்கும் முன் அதில் ஓடும் போஸ்ட்கிரஸை நிறுத்திவிடுவார்கள். ஆகவே சரியான இயந்திரத்தில் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதிலே வரக் கூடாது; இணைப்பு கிடைக்கவில்லை என்றுதான் வர வேண்டும். `f` வந்தால் நிற்பது முதன்மையில். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். db1, db2 என்று ஓர் இலக்கத்தில் மட்டும் வேறுபடும் பெயர்களை, களைத்த கண் பிரித்தறியும் என்று நம்புவதைவிட இது உறுதியானது. விபத்துக்குப் பிறகு கிட்லேப், எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது கட்டளைத் திரையிலேயே பளிச்சென்று தெரியும்படி மாற்றும் வேலையையும் தன் பட்டியலில் சேர்த்தது.

அழிக்கும் படியையே எழுதாமல் விடவும் வழி உண்டு. டிஸ்க்கில் இடம் இருந்தால் கோப்புறையை `rm` கொண்டு நீக்காமல் `mv` கொண்டு பெயர் மாற்றச் சொல்லலாம். தவறான சர்வரில் செய்துவிட்டால் தளம் தடுமாறும். ஆனால் தரவு அங்கேயே இருக்கும்.

இனி அந்த மௌனத்துக்கு வருவோம். `pg_basebackup` ஓட்டியதும், முதன்மை சர்வர் தன் நினைவகத்தில் இருக்கும் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை தரவு வரத் தொடங்காது. இயல்பான அமைப்பில் அந்த எழுத்து நிதானமாகவே நடக்கும். `--checkpoint=fast` என்று சேர்த்தால் உடனே எழுதச் சொல்லும், காத்திருப்பு குறையும். ஆனால் ஏற்கெனவே சுமையில் திணறும் முதன்மையின் டிஸ்க்கில் அது இன்னும் பாரம் ஏற்றும். ஆகவே ரன்புக்கில் எழுத வேண்டியது இதுதான்: சாதாரண முறையில் ஓட்டு; நீண்ட நேரம் எந்த அசைவும் தெரியாது; நிறுத்தாதே; மறுபடி ஓட்டாதே; கோப்புறையைத் தொடாதே. போஸ்ட்கிரஸ் 10 முதல் `--verbose` கொடுத்தால், காத்திருக்கிறேன் என்று கருவியே சொல்லிவிடும். எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதையும் பக்கம் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

மூன்றாவது பகுதி, மேலே யாரை எப்போது அழைப்பது. கிட்லேப் அறிக்கையில் ஒரு செய்தி மனதைத் தைக்கும். அந்தப் பொறியாளர் அன்றைய வேலையை முடித்துக் கிளம்ப இருந்தவர். நகல் பழுதானதால் தங்கிவிட்டார். அன்று முதலில் அனுப்புநர் இணைப்புகளின் வரம்பு போதவில்லை என்ற பிழை வந்தது. அதை உயர்த்தியதும் போஸ்ட்கிரஸ் எழ மறுத்தது. மொத்த இணைப்புகளின் வரம்பை 8,000-இலிருந்து 2,000-ஆகக் குறைத்த பிறகே எழுந்தது. அதன்பின் அந்த மௌனம். ஒவ்வொரு தடையும் சிறியதுதான். ஒன்றன்பின் ஒன்றாக வந்ததுதான் ஆபத்து.

‘தேவைப்பட்டால் மேலே தெரிவிக்கவும்’ என்ற வரி இங்கே உதவாது. தேவைப்படுகிறதா என்று முடிவெடுப்பதே களைத்தவரால் முடியாத காரியம். கண்ணுக்குத் தெரியும் நிபந்தனைகள் வேண்டும். பக்கத்தில் இல்லாத பிழை ஒன்று வந்தால் அழை. முதன்மை சர்வரின் அமைப்பை மாற்ற வேண்டி வந்தால், மாற்றுவதற்கு முன் அழை. எதையாவது அழிக்க வேண்டுமென்றால், இரண்டாமவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் செய். முப்பது நிமிடத்தில் நிலைமை மாறவில்லையென்றாலும் அழை. இந்த முப்பது என்ற எண் அந்தந்த நிறுவனம் முடிவு செய்ய வேண்டியது. நகல் இல்லாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதைப் பொறுத்தது. அழைப்பது ஆளின் பெயரையல்ல, பொறுப்பின் பெயரை, ஆட்கள் மாறுவார்கள். அழைத்ததும் சொல்ல வேண்டியதையும் எழுதிவைக்கலாம்: என்ன தெரிகிறது, இதுவரை என்ன செய்தேன், எதை இன்னும் தொடவில்லை.

அறிக்கையில் உள்ள எல்லாமே இந்தப் பக்கத்துக்கு வராது. கிட்லேப்பின் அன்றாட பேக்கப் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது, போஸ்ட்கிரஸ் 9.6 டேட்டாபேஸை 9.2 கருவியால் எடுக்க முயன்றதே காரணம். தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் பெறும் சர்வர் நிராகரித்துவிட்டது. இது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் நகல் அலாரத்துக்கு எழுந்தவர் அந்த நேரத்தில் இதைச் சரிசெய்ய முடியாது. அதற்கு வேறு அலாரம், வேறு பக்கம். கோளாறே வராமல் தடுக்கும் வேலைகளும் அப்படித்தான். அவை ரன்புக்கின் படிகளல்ல, குழுவின் வேலைப் பட்டியலுக்குப் போக வேண்டியவை. பதிவேட்டுத் துண்டுகளைத் தனியே சேமிக்கும் ஏற்பாடு வந்துவிட்டால், ‘புதிதாக எடு’ என்ற படிக்கு முன்னால் ‘சேமிப்பிலிருந்து எட்டிப்பிடிக்க விடு’ என்று ஒரு படி சேர வேண்டும். பழைய பக்கம் அப்படியே இருந்தால், தேவையில்லாத நாளில் ஒருவர் முழு நகலையும் கலைப்பார்.

எழுதி முடித்த பக்கத்தை, விபத்தின்போது இல்லாத ஒருவரிடம் கொடுத்து, சோதனைச் சூழலில் நகலை வேண்டுமென்றே உடைத்து, படித்தபடியே சரிசெய்யச் சொல்ல வேண்டும். எழுதியவர் அருகில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ, எந்தக் கட்டளைக்குப் பிறகு பொறுமையிழந்து நிறுத்தும் விசையைத் தேடுகிறாரோ, அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது. அன்றைக்கே அதைச் சேர்த்துவிட்டு, சோதித்த தேதியையும் போஸ்ட்கிரஸ் பதிப்பையும் பக்கத்தின் தலையில் எழுதிவைப்பார்கள்.