அட்வான்ஸ் காசைத் திருப்பிக் கேட்கும் கடிதம்

யாழ்ப்பாணத்தில் வீடு வாடகைக்கு எடுப்பவர் சாவியை வாங்குமுன் பல மாத வாடகைக்குச் சமமான தொகையை அட்வான்சாகக் கொடுப்பது வழக்கம். பல்கலைக்கழகத்தை அண்டிய திருநெல்வேலி, கொக்குவில் பக்கங்களில் வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். காசை வாங்குபவர் இங்குள்ள உறவினராக இருப்பார். வீட்டை விட்டுப் போகும்போது காசைக் கேட்டால், “அவரோட கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்ற பதில் வருகிறது. வாடகைக்கு இருந்தவர் மாதக்கணக்கில் தொலைபேசியில் கெஞ்சுகிறார், பிறகு கோபப்படுகிறார். இந்த இரண்டாலும் காசு வருவதில்லை. தொகைகளையும் திகதிகளையும் தெளிவாக எழுதிய ஒரு பக்கக் கடிதத்துக்கு அதைவிட அதிக வலு உண்டு. வாய்ப்பேச்சில் ஒரு தயவாகத் தொங்கிக்கொண்டிருந்த விடயத்தை அது தவணை குறித்த கடனாக்கிவிடுகிறது.

இதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முன்பே பேசி வைக்காத கடனில், கடன்காரர் தவணை தவறிவிட்டார் என்று சொல்ல, நியாயமான அவகாசம் கொடுத்து ஒரு திகதி குறித்துக் கேட்டிருக்க வேண்டும். “எப்ப தருவீங்கள்?” என்று இருபது தடவை கேட்டாலும் அதில் திகதி இல்லை. “பெப்ரவரி 28 இற்கு முன் தாருங்கள்” என்று ஒரு தடவை எழுதிக் கேட்டால் மார்ச் முதலாம் திகதியே அவர் தவணை தவறியவர். திகதி குறிப்பது இந்த மண்ணுக்குப் புதியதும் அல்ல. 1707 இல் எழுத்தில் வந்த தேசவழமையே, ஒற்றி வைத்த காணியை மீட்கும் காலத்தைப் பயிரின் பருவத்தோடு சேர்த்துச் சொல்கிறது. ஆனால் அட்வான்ஸ் வேறு, ஒற்றி வேறு. ஒற்றியில் வட்டிக்குப் பதிலாகச் சொத்தின் பயனை அனுபவிக்கிறோம். மாத வாடகையும் கட்டி, கொடுத்த காசு திரும்பும் என்ற நிபந்தனையும் இருந்தால் அது அட்வான்ஸ். கடிதத்தில் இரண்டையும் குழப்பக் கூடாது.

ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 30,000 ரூபா, அட்வான்ஸ் ஆறு மாத வாடகையான 180,000 ரூபா. அதில் 100,000 வங்கி மூலமும் 80,000 கைக்காசாகவும் போயிருக்கிறது. வாடகைக்கு இருந்தவர் 2025 ஜனவரி கடைசியில் வீட்டை விட்டார். அவருடைய கடிதம் இப்படி அமையலாம்:

“10.02.2025. அன்புடையீர், கொக்குவிலில் உள்ள தங்கள் வீட்டில் 01.03.2023 முதல் 31.01.2025 வரை மாதம் 30,000 ரூபா வாடகைக்கு இருந்தேன். முற்பணமாக 01.03.2023 அன்று 100,000 ரூபாவைத் தங்கள் வங்கிக் கணக்கில் இட்டேன். 05.03.2023 அன்று 80,000 ரூபாவைத் தங்கள் சார்பில் தங்கள் சகோதரரிடம் கையில் கொடுத்தேன். மொத்தம் 180,000 ரூபா. வீட்டை விடுவதாக 28.12.2024 அன்று எழுத்தில் அறிவித்தேன். ஜனவரி மாதம் வரையான வாடகை முழுவதும் கட்டியுள்ளேன். 31.01.2025 அன்று சாவிகளைத் தங்கள் சகோதரரிடம் ஒப்படைத்தேன். கடைசி மின்கட்டணம் 4,350 ரூபாவையும், தண்ணீர் மோட்டார் திருத்திய செலவு 6,000 ரூபாவையும் கழிக்கச் சம்மதிக்கிறேன். மீதி 169,650 ரூபாவை 28.02.2025 இற்கு முன் கீழ்க்காணும் கணக்கில் இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு கழிவு ஏதும் இருப்பதாகக் கருதினால் விபரத்தையும் பற்றுச்சீட்டையும் அதே திகதிக்கு முன் அனுப்பவும்.”

இதில் ஒவ்வொரு திகதியும் வரக்கூடிய ஒரு மறுப்பை முன்கூட்டியே அடைக்கிறது. டிசம்பர் 28 இல்லாவிட்டால் “அறிவிக்காமல் போனார், ஒரு மாத வாடகையைக் கழிப்பேன்” என்று சொல்ல இடம் உண்டு. மாத வாடகையில் முழு மாத அறிவித்தல் வேண்டும் என்பதால், ஜனவரி முடிவில் போகிறவர் ஜனவரி பிறக்குமுன் சொல்லியிருக்க வேண்டும். சாவி கொடுத்த திகதி இல்லாவிட்டால் பெப்ரவரி வாடகையும் கேட்கப்படலாம். கைக்காசுக்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், கொடுத்த அன்றைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வங்கியில் காசு எடுத்த பதிவு, அருகில் நின்றவர் ஆகியவற்றைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால், கடிதத்தின் ஒரு பிரதி வெளிநாட்டிலுள்ள உரிமையாளருக்கும் மற்றது இங்குள்ள தத்துவக்காரருக்கும் போக வேண்டும். இங்கே பதிவுத் தபாலில் அனுப்பிய சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு பத்திரப்படுத்த வேண்டும்.

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கும். உடைந்த கதவையும் கட்டாத மின்கட்டணத்தையும் அட்வான்சில் கழிக்கவே அந்தக் காசு வாங்கப்படுகிறது. அதனால்தான் கழிக்க வேண்டியதை நாமே எழுதிக் கழிப்பது நல்லது. முழுத் தொகையையும் கேட்டுப் பிடிவாதம் செய்தால், மின்கட்டணம் என்ற சிறு உண்மையைப் பிடித்து முழுக்காசையும் வைத்திருக்க அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். ஆனால் இரண்டு வருடம் குடியிருந்த வீட்டில் சுவர் மங்குவதும் பெயின்ற் வெளிறுவதும் சாதாரணப் பாவனையின் விளைவு. சேதப்படுத்தினால்தான் குடியிருந்தவர் பொறுப்பு. வீடு பழசாவதற்கு அவர் பொறுப்பல்ல. “பெயின்ற் அடிக்க 40,000” என்று பதில் வந்தால் அந்தத் தொகையை மட்டும் பிணக்கில் வைத்து, மீதி 129,650 ரூபாவை உடனே தரும்படி கேட்கலாம்.

“உறுதி எழுதவில்லையே, பிறகு எப்படிக் கேட்பது?” என்று பலர் தயங்குகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது உண்மை. மாதாமாதம் வாடகை கட்டும் குடியிருப்புக்கு அது தேவையில்லை. ஆனால் எழுத்து இல்லாததற்கு ஒரு விலை உண்டு. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுதிய ஒப்பந்தத்தில் வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது; எழுதாத ஒப்பந்தத்தில் மூன்று வருடம்தான். வாய்ப்பேச்சில் வருடங்களைக் கழிப்பது வாடகைக்கு இருந்தவருக்கே நட்டம்.

இன்னொரு தயக்கம், ஊருக்குள் முகம் பார்க்க வேண்டியவருக்குக் கடிதம் போடுவது முறையா என்பது. உறவை முறிப்பது கடிதம் அல்ல. “ஏமாத்திப்போட்டார்” என்று நாலு பேரிடம் சொல்வதுதான். மரியாதையாக எழுதிய கணக்கில் அவமதிப்பு இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு அது உதவியும்கூட, ஏனென்றால் கைக்காசாகப் போன 80,000 ரூபா அவருக்கு வந்து சேர்ந்ததா என்பதே சிலவேளை அவருக்குத் தெரியாமல் இருக்கும்.

குறித்த திகதி தாண்டியும் பதில் இல்லையென்றால், சிறிய தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடுதான் வழக்குத் தாக்கல் செய்யலாம். சபையில் நமக்காக வாதாடச் சட்டத்தரணி வர முடியாது. நாமே இருந்து சொல்ல வேண்டும். மத்தியஸ்தர்கள் முதலில் கேட்பது எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள், எப்போது வீட்டை விட்டீர்கள் என்பவற்றைத்தான். அந்தக் கேள்விகளுக்கான விடை கடிதத்திலேயே இருப்பதால், அதன் பிரதியையும் தபால் சீட்டையும் வங்கிப் பதிவையும் மேசையில் வைத்தால் போதும். அதற்குமேல் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்.