ஒரு கேள்வியோடு போங்கள்

செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களுக்குள் ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பல்கலைக்கழகங்களில் வேலைச் சந்தைகள் ஆரம்பித்துவிடும். பெரிய மண்டபத்தில் வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் பின்னால் ஒரு கம்பனியின் பதாகை, அதன் முன்னால் இரண்டு மூன்று பிரதிநிதிகள். அடுத்த மே மாதத்தில் தொடங்கும் வேலைகளுக்குப் பல பெரிய நிறுவனங்கள் இந்த நாட்களிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகின்றன. கிறிஸ்மஸ் முடிந்து பார்த்துக்கொள்வோம் என்றிருப்பவர்கள் போய்ச் சேரும்போது நல்ல இடங்கள் பல நிரம்பியிருக்கும்.

எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் பலர் போகிறார்கள். திரும்பி வரும்போது பை நிறையப் பேனாவும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கும். “என்ன நடந்தது?” என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றுதான். வரிசையில் இருபது நிமிடம் நின்றோம், சுயவிபரக்கோவையை நீட்டினோம், “இணையத்தளத்தில் விண்ணப்பியுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படிச் சொன்னதில் பிழை இல்லை. இன்று அநேகமான கம்பனிகள் விண்ணப்பத்தைத் தங்கள் கணினி முறை வழியாக மட்டுமே ஏற்கின்றன. மேசையில் கொடுக்கும் தாள் பெட்டிக்குள் போய்விடும். ஆனால் இணையத்தளத்தில் இல்லாத ஒன்று அந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறது: அந்தக் கம்பனியில் உண்மையிலேயே வேலை செய்யும் ஒரு மனிதர். அவரிடம் இரண்டு மூன்று நிமிடம் பேச வாய்ப்புக் கிடைக்கிறது. அந்த நிமிடங்களைத் “என்னைப் பற்றி” என்று தொடங்கிச் செலவழிப்பதா, அவருடைய வேலையைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்டுச் செலவழிப்பதா என்பதுதான் விஷயம்.

இதை நாங்கள் சொன்னபோது ஒரு தம்பி, “வேலை குடுக்கிறவை அவை. அவை தானே கேக்க வேணும், நாங்கள் ஏன் கேக்கிறது?” என்றான். நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பான எண்ணம். பெரியவர் பேசினால் கேட்டுக்கொண்டிருப்பது மரியாதை என்றே பழகியிருக்கிறோம். ஆனால் அன்று காலையில் இருந்து நூறு பேரிடம் ஒரே விளக்கத்தைச் சொல்லிக் களைத்துப்போன ஒருவருக்கு, தன் வேலையைப் பற்றி யோசித்து வந்த ஒரு பிள்ளையின் கேள்வி துடுக்காகத் தெரியாது. மாறாக, “உங்கள் கம்பனி என்ன செய்கிறது?” என்று கேட்பதுதான் அவரைச் சோர்வடையச் செய்யும்.

நல்ல கேள்வியை எப்படித் தயாரிப்பது? கடந்த ஆண்டு சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருந்த எங்கள் தங்கை ஒருத்தி செய்ததை அவளுடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம்.

சந்தைக்கு ஒரு வாரம் முன்னரே வரப்போகும் கம்பனிகளின் பட்டியல் பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டல் தளத்தில் வந்துவிட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். அவள் நான்கை மட்டும் தெரிந்துகொண்டாள். அதில் ஒன்று, ஸ்காபரோ சுரங்கரயில் நீட்டிப்புத் திட்டத்தில் பங்கெடுக்கும் ஒரு பொறியியல் ஆலோசனைக் கம்பனி. அந்தத் திட்டம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023 யூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம்புரண்டு, பிறகு ஓடாமலேயே நின்றுபோன நாளில் இருந்து பேருந்தில் போய்வருகிறவர்கள் நம் சபையில் எத்தனை பேர்! கெனடி நிலையத்தில் இருந்து எக்ளின்டன், டான்ஃபோர்த், மக்கோவன் வீதிகளுக்குக் கீழே ஷெப்பர்ட் வரை 7.8 கிலோமீற்றருக்கு, மூன்று புதிய நிலையங்களோடு அது அமைகிறது.

அவள் முதலில் எழுதிய கேள்வி: “நீங்கள் ஸ்காபரோ சுரங்கரயில் திட்டத்தில் வேலை செய்கிறீர்களா?” அதற்கு விடை கம்பனியின் இணையத்தளத்திலேயே இருந்தது. விடை வெளியே கிடைக்கும் கேள்வியைக் கேட்டால், நீங்கள் வாசிக்காமல் வந்திருக்கிறீர்கள் என்பதை நீங்களே அறிவித்தது போலாகும். இரண்டாவது: “சுரங்கம் தோண்டுவதில் உள்ள சவால்கள் என்ன?” இது மிகப் பெரிது. தெரிந்தவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும், தெரியாதவர் பொதுவாக எதையாவது சொல்லிவிட்டுப் போவார்.

மூன்றாவது முறை அவள் தன் பாடப்புத்தகத்துக்குத் திரும்பினாள். நிலத்துக்குக் கீழே மண்ணை அகற்றினால் மேலே உள்ள நிலம் சிறிதளவு இறங்கலாம். வீதியோரம் கடைகளும் வீடுகளும் இருப்பதால், வீதியிலும் கட்டடங்களிலும் அளவீட்டுப் புள்ளிகளை வைத்து, தோண்டுவதற்கு முன்னும் தோண்டும்போதும் பின்னரும் நிலம் எவ்வளவு அசைகிறது என்று அளந்துகொண்டே இருப்பார்கள். புதியவர்களை ஈடுபடுத்தக்கூடிய வேலை இது. ஆகவே அவள் இப்படி எழுதினாள்: “நில இறக்கத்தை அளக்கும் வேலையில் மே மாதம் சேரும் ஒரு மாணவருக்கு எவ்வளவு பங்கு கிடைக்கும்? தளத்தில் நின்று அளவீடு எடுப்பாரா, அலுவலகத்தில் வரைபுகள் மட்டும் போடுவாரா? அவருடைய வேலையைப் பார்ப்பவர் உரிமம் பெற்ற பொறியியலாளரா?”

இந்தக் கடைசி வரிதான் அவளுக்கு உண்மையில் தேவையானது. ஒன்ராறியோவில் பி.எங் என்று சொல்லும் உரிமத்தைப் பெற 48 மாத வேலை அனுபவம் காட்ட வேண்டும். செய்த வேலை பொறியியல் வேலைதான் என்று உறுதிப்படுத்தக்கூடிய உரிமம் பெற்ற ஒருவர் மேலே இருந்தால் அந்தப் பாதை இலகு. இல்லாவிட்டால், வருடங்கள் கழித்து அனுபவத்தை எழுதிக் காட்டும்போது சிரமப்பட நேரும். வேலைக்குச் சேர்ந்தபின் இதைக் கண்டுபிடிப்பதைவிட மேசைக்கு முன்னால் நின்று கண்டுபிடிப்பது நல்லது அல்லவா?

சந்தை நாளில் மேசைக்குப் பின்னால் நின்றவர் மனிதவளப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண். பிரதிநிதிகளில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒருவர் ஆட்களைத் தெரிவுசெய்யும் முறையை அறிந்தவர். கடைசித் தேதி, விண்ணப்ப இலக்கம், நேர்முகம் எத்தனை சுற்று என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மற்றவர் வேலையையே செய்பவர், அநேகமாக அதே பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகளுக்கு முன் படித்து வெளியேறியவர். கேள்வியைப் பிழையான ஆளிடம் கேட்டால் அது வீண். பெயரட்டையில் பதவி எழுதியிருக்கும். அதைப் பார்த்தபின் பேசுங்கள்.

எங்கள் தங்கை அந்தப் பெண்ணிடம் தன் பெயரையும் ஆண்டையும் சொல்லி, இப்படியொரு கேள்வி இருக்கிறது, யாரிடம் கேட்கலாம் என்று விசாரித்தாள். பொறியியலாளர் ஒருவர் இரண்டு மணிக்கு வருவார் என்றார் அவர். அவள் மற்ற மூன்று மேசைகளுக்கும் போய்விட்டு இரண்டு மணிக்குத் திரும்பினாள். அந்த நேரத்தில் வரிசையும் குறைந்திருந்தது. (மதிய நேரத்தில்தான் கூட்டம் அதிகம். வகுப்பு இடிக்காவிட்டால் முதல் அரைமணி நேரத்துக்குள் போய்விடுவது உத்தமம்.)

பொறியியலாளர் கேள்வியைக் கேட்டுவிட்டுத் திருத்தினார். சுரங்கத்துக்கு மேலே நிலத்தை அளப்பது தங்கள் பிரிவு அல்ல, நிலையங்களுக்காகத் தோண்டும் ஆழமான குழிகளின் தாங்குசுவர்களைக் கண்காணிப்பதே தங்கள் வேலை என்றார். அங்கே மாணவர்கள் வாரத்தில் சில நாட்கள் தளத்துக்குப் போய்க் கருவிகளை வாசித்து அறிக்கை எழுதுவார்கள், மேற்பார்ப்பவர் பி.எங் உரிமம் உள்ளவர். பிறகு அவர் திருப்பிக் கேட்டார்: “ஓர் அளவீடு திடீரென்று பாய்ந்து கூடிவிட்டது. முதலில் என்ன செய்வாய்?” அவள் ஒரு கணம் யோசித்து, “மேலே இருப்பவருக்கு உடனே அறிவித்துவிட்டு, கருவியைச் சரிபார்த்து இன்னொரு முறை அளப்பேன்” என்றாள். அவர் தன் பிரிவின் பெயரையும் விண்ணப்ப இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முழுப் பேச்சும் நான்கு நிமிடம்.

தயாரித்த கேள்வியில் உள்ள ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. திரும்பி வரும் கேள்விக்கு நிற்க முடியாத கேள்வியைக் கேட்கக் கூடாது. யாரோ எழுதித் தந்த பெரிய சொற்களை மனப்பாடம் செய்து ஒப்புவித்தால் இரண்டாவது வசனத்திலேயே அகப்பட்டுவிடுவோம். உங்கள் பாடத்தில் உங்களுக்கு உண்மையாக விளங்கிய இடத்தில் இருந்து கேள்வி வரட்டும்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார் என்று கைபேசியில் குறித்தாள். நான்கு மேசைக்குப் பிறகு முகங்களும் பேச்சுகளும் கலந்துவிடும், அதனால் அந்த ஐந்து நிமிடத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அன்றிரவே விண்ணப்பித்தாள். அறிமுகக் கடிதத்தில் ஒரு வசனம் மட்டும்: தாங்குசுவர்க் கண்காணிப்பைப் பற்றி உங்கள் பொறியியலாளர் சொன்னதைக் கேட்டு இந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறேன் என்று. அவருக்கும் மூன்று வரியில் நன்றி மின்னஞ்சல் போனது. அதில் வேலை கேட்கவில்லை, விண்ணப்பித்துவிட்டேன் என்று இலக்கத்தோடு அறிவித்தாள்.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். ஆனால் அந்த இடம் வேறொருவருக்குப் போனது. மற்ற மூன்று மேசைகளில் அதே கடைசிக் கேள்விக்குக் கிடைத்த விடைகள் அப்போது உதவின. ஒரு கம்பனியில் மாணவர்கள் முழுக் காலமும் கணினியில் வரைபடம்தான் போடுவார்கள் என்றும் அந்தக் குழுவில் உரிமம் பெற்றவர் இல்லை என்றும் தெரிந்தது. அதை விட்டுவிட்டாள். இன்னொரு சிறிய கம்பனியில் பாலங்களைச் சோதிக்கும் குழுவோடு நேரே போகலாம் என்றார்கள். கடந்த மே மாதம் அங்கேதான் சேர்ந்தாள். சம்பளம் முதலாவதைவிடக் கொஞ்சம் குறைவு.

எல்லா மேசைகளும் இப்படிப் பலன் தரும் என்று நினைக்க வேண்டாம். சில கம்பனிகள் ஆள் எடுக்கும் எண்ணமின்றித் தங்கள் பெயர் தெரியவேண்டும் என்பதற்காகவே வருகின்றன. “இந்த ஆண்டு எந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறீர்கள்?” என்று கேட்டதும் விடை மங்கலாகி, கையில் சாவிக்கொத்துத் தந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகச் சந்தைக்குள் பிள்ளையோடு போகாதீர்கள், வாசலில் இறக்கிவிட்டால் போதும். ஆனால் ஊரிலே பொறியியல் படித்துவிட்டு இங்கே வந்து வேறு வேலை செய்யும் அண்ணாமார், மாமாமார் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். நகரத்தில் நடக்கும் பொது வேலைச் சந்தைகள் அவர்களுக்கும் திறந்தவை. ஒன்ராறியோவில் பி.எங் உரிமத்துக்குக் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற விதி 2023இல் நீக்கப்பட்டது. ஆகவே அவர்கள் மேசையில் கேட்க வேண்டியது: “வெளிநாட்டு அனுபவத்தோடு வந்து உங்களிடம் சேர்ந்து பிறகு உரிமம் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? அவர்களோடு பேச முடியுமா?” இருந்தால், பிரதிநிதி அநேகமாக அங்கேயே ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்.

இலையுதிர்காலச் சந்தையைத் தவறவிட்டவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஜனவரியில் இன்னொன்று உண்டு. கேள்வியை எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேசைக்குப் பின்னால் நிற்பவராக எங்களில் ஒருவர் நடிப்பார், திருப்பியும் கேட்பார்.