போட்டோமீட்டர் அளவீடுகள் மாறுபடுவது ஏன்?

பெங்களூரின் தென்கிழக்கே ஓசூர்ச் சாலையிலுள்ள பொம்மனஹள்ளி, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமான பீடபூமியைச் சேர்ந்தது. மார்ச்சு மாதப் பிற்பகல்களில் அங்குக் காற்று மிக வறண்டிருக்கும். ஜூலையில் ஈரம் மிகும்; ஆயினும் மேல்காற்று பலமாக வீசும். ஒரே செம்பருத்திச் செடியின் கிளைகளைக் கொண்டு இவ்விரு மாதங்களிலும் போட்டோமீட்டர் சோதனை செய்தால், கிடைக்கும் அளவுகள் ஒத்திரா. கருவி பழுதென முடிவு செய்யுமுன், அது எதனை அளக்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

இக்கருவி இலைகள் வெளியிடும் நீராவியை நேராக அளப்பதில்லை. கிளை உறிஞ்சும் நீரையே அளக்கின்றது. உறிஞ்சிய நீரில் மிகச் சிறு பகுதியே தாவரத்தில் தங்குவதால், இரண்டையும் ஏறக்குறைய சமமெனக் கொள்ளலாம். இலை வாடத் தொடங்கிவிட்டால் இச்சமத்துவம் குலையும்.

கிளையை நீருக்குள் அமிழ்த்தி, சாய்வாக வெட்டுக. வெளியில் வெட்டினால் நீர்க்குழாய்களினுள் காற்று புகுந்து நீரோட்டத்தைத் தடுக்கும். எருக்கு, அரளி போன்ற பாலுள்ள செடிகளைத் தவிர்க்க. பால் உறைந்து வெட்டுவாயை அடைத்துவிடும். கிளையை ரப்பர் அடைப்பானில் செருகி, இணைப்புகளில் வாஸ்லின் தடவி, நுண்துளைக் குழாயினுள் ஒரு காற்றுக்குமிழியைப் புகவிடுக. அரைமணி நேரம் சென்றபின் அளவெடுத்தல் நன்று.

எடுத்துக்காட்டாக, துளையின் விட்டம் 1 மில்லிமீட்டர் என்றும், குமிழி 10 நிமிடத்தில் 60 மில்லிமீட்டர் நகர்ந்தது என்றும் கொள்வோம். துளையின் பரப்பு 0.785 சதுர மில்லிமீட்டர். ஆகவே உறிஞ்சிய நீர் ஏறத்தாழ 47 கன மில்லிமீட்டர், மணிக்கு 283. கட்டத்தாளில் வரைந்து கணக்கிட்ட இலைப்பரப்பு 120 சதுர சென்டிமீட்டராயின், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு 2.4 கன மில்லிமீட்டர் எனக் கிடைக்கும். இலைப்பரப்பால் வகுக்காத அளவுகளைக் கொண்டு இரு கிளைகளை ஒப்பிடுதல் தவறு.

இனி, ஈரத்தைக் காண்போம். இலையின் உள்ளறைகளில் காற்று நீராவியால் ஏறக்குறைய நிறைந்தே இருக்கும். 28 டிகிரி உஷ்ணநிலையில் அதன் ஆவியழுத்தம் சுமார் 28.3 மில்லிமீட்டர் பாதரசம். வெளிக்காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாயின் அங்குள்ள அழுத்தம் 22.6, வேறுபாடு 5.7. ஈரப்பதம் 40 விழுக்காடாயின் அழுத்தம் 11.3, வேறுபாடு 17. நீராவியை வெளியே செலுத்துவது இவ்வேறுபாடே, அது மும்மடங்காகிறது. ஆனால் குமிழியின் வேகம் மும்மடங்காகாதிருக்கலாம். மிக வறண்ட காற்றில் இலைத்துளைகள் ஓரளவு மூடிக்கொள்வதே காரணம்.

ஒளி இருவழிகளில் செயற்படுகின்றது. முதலாவதாக, இலைத்துளைகளைத் திறக்கச் செய்கின்றது; இதற்குச் சிறிது நேரம் ஆகும். விளக்கேற்றிய உடனே எடுத்த அளவு பொருந்தாது. இரண்டாவதாக, இலையைச் சூடாக்குகின்றது. மேற்கூறிய ஈரக்காற்றில் இலை மட்டும் 31 டிகிரியானால், அதன் உள்ளழுத்தம் 33.7 ஆகி, வேறுபாடு 5.7-லிருந்து 11.1-க்கு ஏறிவிடும். ஒளியின் விளைவை மட்டும் அறிய விரும்பினால், விளக்கிற்கும் கிளைக்கும் இடையே நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியை வைத்து வெப்பத்தைத் தணிக்க. கருவியிலுள்ள நீர் சூடானாலும் விரிவடைந்து குமிழியைத் தள்ளும். இதனைக் கண்டறிய, கிளைக்குப் பதில் கண்ணாடித் தண்டைச் செருகி விளக்கேற்றிப் பார்க்க. அப்போதும் குமிழி நகர்ந்தால், பிழை கருவியிலேயே உள்ளது.

காற்றோட்டம், இலையின்மேல் படிந்திருக்கும் ஈரப்படலத்தை மெலிதாக்குகின்றது. ஆகவே மென்காற்றில் குமிழி விரைந்து நகரும். காற்று மேலும் பலமானால் பயன் அவ்வளவாக மிகுவதில்லை. வெயிலில் சூடேறிய இலையைக் காற்று குளிர்விப்பதால், நீராவிப்போக்கு குறைவதும் உண்டு.

பொம்மனஹள்ளியின் இரு அளவுகளுக்குத் திரும்புவோம். மார்ச்சின் வறட்சி நீராவிப்போக்கை மிகுவிக்கும். ஜூலையின் ஈரம் குறைக்கும். ஜூலைக் காற்றோ அக்குறைவின் ஒரு பகுதியை ஈடுசெய்யக்கூடும். மேகம் மூடிய வானத்தின் குறைந்த ஒளியும் இதில் சேரும். இத்தனையும் ஒருங்கே மாறியிருக்க, அளவு வேறுபட்டதற்கு ஒன்றை மட்டும் காரணமாகக் கூறுதல் இயலாது. ஒரே நாளில், ஒரே கிளையில், ஒன்றை மட்டும் மாற்றி அளந்து, மீண்டும் முதல் நிலைக்கே திரும்பி அளந்து பார்க்க வேண்டும். முதல் அளவு மீண்டும் கிடைத்தால் சோதனையை நம்பலாம். அது குறைந்திருந்தால் வெட்டுவாய் அடைபட்டிருக்கக்கூடும். நீருக்குள் மீண்டும் வெட்டித் தொடங்குக.